கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, முதலில் பணம் கட்டுங்கள்: முன்கட்டணக் கடன் மோசடி எப்படி வேலை செய்கிறது?

கடன் தருகிறேன் என்பவர் முன்கூட்டியே பணம் கேட்டாலே மோசடி என்று ஒரு சாரார் சொல்வார்கள். எந்த வங்கிதான் பிராசசிங் ஃபீஸ் வாங்காமல் கடன் கொடுக்கிறது என்று இன்னொரு சாரார் திருப்பிக் கேட்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மிச்சமிருக்கும் பாதியில்தான் மோசடிக்காரருக்குப் பிழைப்பு. "கடன் என்றால் கட்டணம் உண்டு" என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கட்டணம் எப்போது, எந்தப் பணத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பலர் கவனித்ததில்லை. அவர் பயன்படுத்திக்கொள்வது இந்தக் கவனக்குறைவைத்தான்.

முன்கட்டணக் கடன் மோசடி என்பது இதுதான்: முன்பின் தெரியாத ஒருவர், உங்களுக்குக் கடன் ஒப்புதல் ஆகிவிட்டது என்று சொல்லி, அந்தப் பணத்தை விடுவிப்பதற்கு முன் ஒரு தொகையைக் கட்டச் சொல்வது. கட்டினால் கடன் வராது. அடுத்த கட்டணம் வரும்.

## அவர் பையில் இருக்கும் பணம்

ஒருவர் உங்களிடம் வந்து, "என் பையில் உங்களுக்குத் தர 500 வைத்திருக்கிறேன். அதை எடுத்துத் தர எனக்குக் கூலி 20. முதலில் அந்த 20-ஐக் கொடுங்கள்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் குழந்தையும் என்ன சொல்லும்? "அந்த 500-இலேயே 20-ஐ எடுத்துக்கொண்டு 480 கொடுங்கள்."

இதற்கு அவரிடம் நியாயமான மறுப்பு எதுவும் இருக்க முடியாது. பணம் அவர் கையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியவரும் அவரே. மறுக்கிறார் என்றால், பையில் 500 இல்லை.

நாணயம் மாற்றித் தரும் கடைக்காரரும் இப்படித்தான் செய்கிறார். நோட்டை வாங்குவார், தன் கமிஷனைக் கழித்துக்கொள்வார், மீதியைத் தருவார். பணம் எவர் கை வழியாகப் போகிறதோ அவருக்குத் தன் கூலியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய அவசியமே வராது. கடன் கொடுப்பவரும் அப்படிப்பட்டவர்தான்.

## உண்மையான கடன் எப்படி வந்து சேர்கிறது

முறையான கடன் நான்கு கட்டங்களாக நகரும். முதலில் விண்ணப்பம். அடுத்து பரிசீலனை: வருமானம், பழைய கடன்கள், திருப்பிக் கட்டிய வரலாறு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பிறகு ஒப்புதல், அதாவது பேச்சுவழக்கில் சாங்ஷன். ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் கடைசியாகப் பட்டுவாடா. கடன் தொகை உண்மையிலேயே உங்கள் கணக்குக்கு வந்து சேருவதற்குப் பெயர்தான் பட்டுவாடா. சாங்ஷன் ஒரு முடிவு. பட்டுவாடாதான் பணம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன.

கட்டணம் எங்கே வருகிறது? 5,00,000 கடன், பிராசசிங் ஃபீஸ் 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். கட்டணம் 5,000. பட்டுவாடா நாளில் உங்கள் கணக்குக்கு 4,95,000 வரும். ஒப்பந்தத்தில் கடன் 5,00,000 என்றே இருக்கும், வட்டியும் அதற்கே ஓடும். இந்தக் கழித்தலுக்குப் பிடித்தம் என்று பெயர். சில நிறுவனங்கள் கட்டணத்தைக் கடனோடு கூட்டித் தவணைகளில் வசூலிப்பதும் உண்டு. இந்த இரண்டு வழியிலும் நீங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

கடன் பணம் கைக்கு வருமுன்பே செலவழிக்க வேண்டிய நேர்மையான சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு "ஒரு பைசாவும் கட்டாதே" என்று மட்டும் சொன்னால் அந்த அறிவுரை பாதியிலேயே உடைந்துவிடும். வீட்டுக் கடனில் வீட்டை மதிப்பிடவும் பத்திரங்களை வழக்கறிஞர் பார்வையிடவும் முன்கூட்டியே கட்டணம் கேட்கலாம். சில நிறுவனங்கள் விண்ணப்பக் கட்டணமும் வாங்குகின்றன. வாகனக் கடனில் விலையின் ஒரு பங்கை நீங்கள் முதலில் போட வேண்டியிருக்கும், ஆனால் அது விற்பவருக்குப் போகிறது. பத்திரப் பதிவுச் செலவு அரசுக்குப் போகிறது.

இவற்றில் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வேலையோ ஒரு பொருளோ இருக்கிறது. மதிப்பீட்டாளர் வந்து வீட்டைப் பார்ப்பார். அந்தக் கட்டணம் முடிவு எடுப்பதற்கு முன் கேட்கப்படுகிறது. கடன் மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். மோசடியில் எல்லாமே தலைகீழ். முடிவு வந்த பிறகு கட்டணம் கேட்பார்கள், வேலை எதுவும் நடக்காது, ஆனால் "முழுவதும் திரும்பக் கிடைக்கும்" என்று சத்தியம் செய்வார்கள். எதையும் அடமானம் வைக்காத தனிநபர் கடனில் மதிப்பிட வீடும் இல்லை, பார்க்கப் பத்திரமும் இல்லை. அங்கே இந்தப் பெயர்களில் முன்பணம் கேட்க எந்த முகாந்திரமும் கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கடனுக்குக் கட்டணம் இருக்கலாம். ஒப்புதலுக்குப் பிறகு வரும் கட்டணம் பெரும்பாலும் கடன் தொகையிலிருந்தே பிடிக்கப்படும். "ஒப்புதல் ஆகிவிட்டது, ஆனால் பட்டுவாடாவுக்கு முன் கட்டு" என்ற இணைப்புதான் அபாயக் குறி.

சட்டங்களும் இந்த இணைப்பைத்தான் குறிவைக்கின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1995-இல் கொண்டுவந்த தொலைபேசி விற்பனை விதி, கடன் உறுதி என்றோ கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்றோ சொல்லிவிட்டு முன்கூட்டியே கட்டணம் வாங்குவதைத் தடை செய்கிறது. கட்டணத்தைத் தனியாக அது தடுக்கவில்லை. உறுதிமொழியும் முன்கட்டணமும் சேர்ந்து வருவதைத் தடுக்கிறது. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் இதற்குக் கடன் கட்டண மோசடி என்றே பெயர் வைத்து எச்சரித்து வருகிறது.

## ஒரு மோசடி, கட்டம் கட்டமாக

கீழே வருவது குறிப்பிட்ட ஒருவருக்கு நடந்ததன் பதிவு இல்லை. இந்த மோசடியில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களை வரிசையாக அடுக்கி, தொகைகளைப் போட்டுக் காட்டியிருக்கும் மாதிரி.

வங்கி ஒன்று கடன் விண்ணப்பத்தை நிராகரித்த சில நாட்களில் ஒருவருக்குச் செய்தி வருகிறது: "குறைந்த வட்டி, பழைய கடன் வரலாறு பார்ப்பதில்லை, 30 நிமிடத்தில் ஒப்புதல்." இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் "உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்று இணையத்தில் ஓடும் படிவங்களில் பெயரும் எண்ணும் கொடுத்தவர்களின் பட்டியல்கள் விலைக்குப் போகின்றன. கடன் தேவைப்படுகிறது என்று தானே எழுதிக் கொடுத்தவரைவிட நல்ல இரை வேறு யார்?

அவர் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எண், சம்பள விவரம் அனுப்புகிறார். அரை மணியில் முத்திரையும் கையெழுத்துமாக ஒப்புதல் கடிதம் வருகிறது. கடன் 5,00,000, ஆண்டு வட்டி 6 விழுக்காடு, 36 மாதம், மாதத் தவணை 15,211. அவர் இணையத்தில் ஒரு தவணைக் கணிப்பானில் போட்டுப் பார்க்கிறார். சரியாக 15,211 வருகிறது. நம்பிக்கை பிறக்கிறது. கணக்கு சரியாக இருப்பதற்கும் கடன் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அந்த நேரத்தில் தோன்றாது.

முதல் கட்டணம்: கோப்புக் கட்டணம் 1,500. கடனோடு ஒப்பிட்டால் 0.3 விழுக்காடு. கட்டுகிறார்.

இரண்டாவது: கடன் காப்பீட்டு பிரீமியம் 6,500. "இது உங்கள் பாதுகாப்புக்குத்தான், உங்கள் பெயரிலேயே பாலிசி வரும்." பிரீமியத்தையும் கடனிலேயே கழித்துக்கொள்ளலாமே என்று அவர் கேட்கிறார். "பாலிசிதாரர் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும், விதி அப்படி" என்று பதில் வருகிறது. உண்மையான கடன்களோடு வரும் காப்பீட்டு பிரீமியம் பெரும்பாலும் கடன் தொகையிலேயே சேர்க்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது. கட்டுகிறார்.

மூன்றாவது: திருப்பிக் கட்டும் திறனை நிரூபிக்க இரண்டு மாதத் தவணை முன்பணம், 30,422. "இது கட்டணமே இல்லை, கடனோடு சேர்ந்து முழுவதும் திரும்ப வந்துவிடும்." கொஞ்சம் நின்று யோசித்தால் இது விசித்திரமான பேச்சு. 30,422-ஐ வாங்கி, அதையே 5,00,000-த்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவதால் கடன் கொடுப்பவருக்கு என்ன லாபம்? திறன் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வங்கி அறிக்கையைப் பார்த்தால் போதும். ஆனால் "திரும்ப வந்துவிடும்" என்ற சொல், செலவை மனத்துக்குள் சேமிப்பாக மாற்றிவிடுகிறது. கையில் இல்லாததால் நண்பரிடம் கைமாற்று வாங்கிக் கட்டுகிறார்.

இப்போது ஒரு செயலி வருகிறது, அல்லது ஓர் இணையப் பக்கம். உள்ளே போனால் அவர் பெயர், இருப்பு 5,00,000, கீழே "எடுத்துக்கொள்" என்ற பொத்தான். அழுத்துகிறார். சிவப்பு எழுத்தில் வருகிறது: "கணக்கு எண் தவறு. தொகை முடக்கப்பட்டது." பார்த்தால் கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. தவறு உங்களுடையது என்கிறார் மறுமுனையில் இருப்பவர். முடக்கத்தை நீக்க 18,000.

இந்தக் கட்டத்தில்தான் மோசடிக்காரரின் சாமர்த்தியம் முழுமையாகத் தெரிகிறது. "அதிலேயே கழித்துக்கொள்ளுங்கள்" என்ற கேள்விக்கு இதுவரை அவரிடம் திடமான பதில் இல்லை. இப்போது இருக்கிறது: "எப்படிக் கழிப்பது? பணம் முடங்கிக் கிடக்கிறதே!" இலக்கங்களை மாற்றி எழுதியது அவரே. பொத்தானுக்குப் பின்னால் வங்கி இல்லை, அவர் எழுதிவைத்த பக்கம்தான் இருக்கிறது. அங்கே தெரியும் 5,00,000 பணம் இல்லை, திரையில் எழுதிய எழுத்து. நிஜத்தில் இல்லாத கணக்கு எண்ணுக்கு அனுப்பிய பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். எண்ணைத் திருத்தி மறுபடி அனுப்புவார்கள், அவ்வளவுதான். அதற்கு அபராதம் கிடையாது.

ஐந்தாவது: பெரிய தொகை என்பதால் வரி மற்றும் கருப்புப் பணத் தடுப்புச் சான்றிதழ், 25,000. "இதை அரசுக்குக் கட்ட வேண்டும், நாங்கள் தொட முடியாது." மறுபடியும் கழித்தலுக்குக் கதவு அடைப்பு. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்பதால் கடன் தொகையை வரிச் சட்டங்கள் பொதுவாக வருமானமாகக் கருதுவதில்லை. கடனை வாங்குவதற்காக வருமான வரி கட்டு என்பது அடிப்படையிலேயே பிசகு.

கூட்டிப் பார்ப்போம். 1,500, 6,500, 30,422, 18,000, 25,000. மொத்தம் 81,422. வந்தது சுழியம். ஆறாவது கட்டணமும் தயாராக இருக்கும். இந்த வரிசைக்கு இயற்கையான முடிவு கிடையாது. கட்டுபவரிடம் பணமோ பொறுமையோ தீரும்போதுதான் அது நிற்கும்.

சுருக்கமாக: ஒவ்வொரு கட்டணத்துக்கும் பெயர் மாறும். பெயரை ஆராய்ந்து பயனில்லை. ஒவ்வொரு பெயரும் ஒரே காரியத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது: அந்தத் தொகையைக் கடனிலிருந்து கழிக்க முடியாது என்று நம்ப வைப்பதற்காக.

## புத்திசாலிகள் ஏன் ஐந்தாவது முறையும் கட்டுகிறார்கள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முட்டாள்தனம். உள்ளே இருப்பவர் போடும் கணக்கு வேறு. அவர் 81,422-ஐ ஒருபோதும் ஒரே தொகையாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் தராசில் இரண்டு தட்டுகள்: ஒன்றில் அடுத்த கட்டணம், மற்றதில் 5,00,000. 25,000 என்பது 5 விழுக்காடுதான். "இது ஒன்றைக் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது." முன்பு கட்டியவை தராசில் ஏறாது. ஏறினாலும் தவறான பக்கம் ஏறும்: இப்போது விட்டால் 56,422 போய்விடும், கட்டினால் அதுவும் சேர்ந்து வரும். புலிவாலைப் பிடித்த கதைதான். விட்டாலும் ஆபத்து என்று தோன்றுவதால் பிடியை விட முடிவதில்லை.

போன பணத்தை நினைத்து மேலும் பணத்தைப் போடும் இந்த மனப்போக்குக்கு மூழ்கிய செலவின் பிடி என்று பெயர். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய சோதனை இருக்கிறது. நாடகங்களுக்கான பருவச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு, எந்த ஒழுங்குமின்றித் தேர்ந்தெடுத்து, விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். நாடகங்கள் ஒன்றுதான். ஆனாலும் பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடி பெற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த காசு காலை இழுக்கிறது. மோசடிக்காரர் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார், ஆனால் முதல் கட்டணத்தை ஏன் சிறிதாக வைக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு கேள்வி எப்போதும் எழும். ஒப்புதல் கடிதங்களில் எழுத்துப்பிழை இருக்கிறது, முத்திரை கோணலாக இருக்கிறது, அதைக்கூடவா கவனிக்க மாட்டார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012-இல் இதைப் போன்ற மின்னஞ்சல் மோசடிகளைப் பற்றி ஒரு விளக்கம் முன்வைத்தார். செய்தி அனுப்ப மோசடிக்காரருக்குச் செலவு இல்லை. பதில் எழுதும் ஒவ்வொருவரோடும் பேசிப் பேசி நேரம் செலவழிப்பதுதான் செலவு. அபத்தம் வெளிப்படையாகத் தெரியும் செய்தி, பாதியில் சந்தேகப்பட்டு விலகக்கூடியவர்களை முதலிலேயே கழித்துவிடுகிறது. மிஞ்சுபவர்கள் கடைசிவரை வரக்கூடியவர்கள். எல்லா மோசடிக்கும் இது பொருந்தாது. மிக நேர்த்தியான கடிதங்களும் வருகின்றன. அதனால் எழுத்துப்பிழை இல்லை என்பதை நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த உத்தி கணினியைவிட மிகவும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே "ஸ்பானியக் கைதி" என்ற பெயரில் கடிதங்கள் சுற்றின: சிறையில் ஒரு பணக்காரர் அடைபட்டிருக்கிறார், அவரை விடுவிக்க உதவினால் புதையலில் பங்கு, ஆனால் முதலில் கொஞ்சம் செலவுக்கு அனுப்புங்கள். அதன் பேரப்பிள்ளைதான் "419" மோசடி. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பெறுவதைப் பற்றிய பிரிவின் எண் அது. அங்கெல்லாம் பேராசை தேவைப்பட்டது. கடன் மோசடியில் அதுகூடத் தேவையில்லை. மாட்டுபவர் இலவசப் பணம் கேட்கவில்லை, வட்டியோடு திருப்பித் தரத் தயாராகத்தான் இருக்கிறார். "பேராசைப்பட்டு ஏமாந்தார்" என்று சொல்வது தவறு மட்டுமில்லை, அந்த வெட்கத்தால்தான் பலர் புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

## கட்டிய பணம் எங்கே போகிறது

கட்டணங்களை எந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் கணக்கு இருக்காது. யாரோ ஒரு தனிநபரின் பெயர் இருக்கும். அடுத்த கட்டணத்துக்கு வேறொரு பெயர். கேட்டால் "எங்கள் கேஷியர்", "எங்கள் ஏஜென்ட்" என்பார்கள்.

இவை மியூல் கணக்குகள். தன் வங்கிக் கணக்கைக் கமிஷனுக்கு இன்னொருவர் பயன்படுத்த விடுபவரின் கணக்குக்கு அந்தப் பெயர். தான் வாடகைக்கு விடுவது எதற்கு என்று சில நேரம் அவருக்கே தெரியாது. ஒரு புகார் வந்ததும் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும் என்பதால்தான் கணக்குகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. வந்த பணம் சிறு துண்டுகளாகப் பிரிந்து வேறு கணக்குகளுக்கும், ரொக்கமாகவும், கிரிப்டோ நாணயமாகவும் போய்விடும். இதற்கு நாட்கள் வேண்டாம், சில மணி நேரம் போதும். பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பச் சொன்னாலோ, கிரிப்டோவில் கட்டச் சொன்னாலோ, வேறு எதையும் சோதிக்கத் தேவையில்லை. எந்தக் கடன் நிறுவனமும் கட்டணத்தை அப்படி வாங்காது.

திருடப்பட்ட அட்டையில் நடந்த செலவை வங்கி ரத்து செய்கிறதே, இதை ஏன் செய்வதில்லை? ஏனென்றால் இங்கே பணத்தை அனுப்பியவர் நீங்கள். கடவுச்சொல் போட்டதும் உறுதிசெய்ததும் நீங்களே. வங்கியின் பார்வையில் அது வாடிக்கையாளர் அனுமதித்த பரிமாற்றம். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டு உடனடிப் பரிமாற்றங்களில் இப்படி ஏமாந்தவர்களுக்கு, சில விலக்குகளோடு, 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

## எப்படிச் சரிபார்ப்பது

பலர் முதலில் செய்வது நிறுவனத்தின் பதிவு எண்ணைத் தேடிப் பார்ப்பது. தேவையானதுதான், ஆனால் போதாது. உண்மையான நிறுவனத்தின் பெயர், பதிவு எண், முகவரி, சின்னம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் போட்டு, தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றும் போலி நகல்கள் ஏராளம். பதிவு எண் சரியாக இருப்பது அப்படியொரு நிறுவனம் இருக்கிறது என்பதை மட்டும் நிரூபிக்கிறது. உங்களோடு பேசுபவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை நிரூபிப்பதில்லை.

ஆகவே வழி இது. உங்கள் நாட்டில் கடன் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பின் பட்டியலில் அந்த நிறுவனத்தைத் தேடுங்கள். அங்கே தரப்பட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ வந்த எண் வேண்டாம், அவர்கள் அனுப்பிய இணைப்பும் வேண்டாம். ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் கடன் எண்ணைச் சொல்லி, "இந்த எண்ணில் எனக்கு ஒரு கடன் ஒப்புதல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வியை அவரிடமே எழுத்தில் கேட்கலாம்: "இந்தக் கட்டணத்தைக் கடன் தொகையில் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்ப முடியுமா?" உண்மையான நிறுவனம் என்றால் பெரும்பாலும் "அப்படித்தானே செய்வோம்" என்று பதில் வரும். மோசடி என்றால் ஏதோ ஒரு விதி, ஏதோ ஒரு முடக்கம், ஏதோ ஒரு அவசரம். "இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் ஒப்புதல் ரத்து" என்று வந்தால் ரத்தாகட்டும் என்று விட்டுவிடலாம்.

ஒரு திருப்பத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் உங்கள் கணக்குக்கு உண்மையிலேயே ஒரு காசோலைத் தொகை வரும். "கூடுதலாகப் போட்டுவிட்டோம், இவ்வளவைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். காசோலைத் தொகையை வங்கி கணக்கில் காட்டிவிட்டாலும், அது போலி என்று பிறகு தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பியது போனது போனதுதான், வங்கிக்குக் கடன்பட்டவரும் நீங்கள்தான். "பணம் வந்த பிறகுதான் அனுப்பினேன்" என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

## ஏற்கெனவே கட்டிவிட்டால்

முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, அதன் மோசடிப் பிரிவுக்கு. பரிமாற்ற எண், தேதி, நேரம், தொகை, பெறுநரின் கணக்கு ஆகிய ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் பெறுநர் கணக்கிலேயே இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு மணிக்கு மணி குறையும். அடுத்து இணையக் குற்றப் பிரிவுக் காவல்துறையில் புகார்.

கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். செய்திகள், கடிதம், செயலியின் திரைகள், ஒவ்வொரு கணக்கு எண் என எல்லாவற்றையும் படமெடுத்துச் சேமித்த பிறகு செயலியை நீக்குங்கள். உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலி எதையாவது போடச் சொல்லியிருந்தால் அதையும் நீக்கி, வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடையாள அட்டை நகலும் அவர்களிடம் இருக்கிறது. அதை வைத்து உங்கள் பெயரில் வேறு இடத்தில் கடன் எடுக்கலாம். அதனால் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை அடுத்த சில மாதங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கட்ட மறுத்ததும் குரல் மாறும். "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், கடன் உங்கள் பெயரில் ஏறிவிட்டது, முதல் தவணை கட்டாவிட்டால் வழக்கு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும். பலர் இதற்குப் பயந்தே ஆறாவது கட்டணத்தைக் கட்டுகிறார்கள். உங்கள் கைக்கு வராத பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உங்களுக்கு வராது. பட்டுவாடா ஆகாத கடனுக்குத் தவணை இல்லை. நோட்டீஸையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள், பதில் எழுதாதீர்கள்.

சில வாரங்கள் கழித்து இன்னொரு அழைப்பு வரக்கூடும். இந்த முறை பேசுபவர் வழக்கறிஞர், அல்லது சைபர் நிபுணர், அல்லது ஏதோ ஒரு மீட்பு அமைப்பு. நீங்கள் இழந்தது 81,422 என்று சரியாகச் சொல்வார். அவருக்கு எப்படித் தெரியும்? ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிறது, அல்லது பேசுபவர் பழைய ஆளேதான். பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், ஒரு கணக்கில் பத்திரமாக முடக்கி வைத்திருக்கிறோம் என்பார். அதை விடுவிக்க 4,000 மட்டும் கட்ட வேண்டும் என்பார். அதிலேயே கழித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.